துவைத்த பின் காலரில் கொப்புளம் எழாமல் ஒட்டு கேன்வாஸ் வைப்பது எப்படி?

சென்ற ஆண்டு என் தம்பிக்குக் கைத்தறிப் பருத்தித் துணியில் ஒரு சட்டை தைத்தேன். போட்டுப் பார்த்தபோது கண்ணாடி போல் படிந்திருந்த காலர், முதல் சலவையிலேயே மழைத்துளி விழுந்த மணல்போலக் கொப்புளித்துவிட்டது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்துச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் மட்டமானது என்றுதான் முதலில் நினைத்தேன். காலரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான், துணியைக் கஞ்சியோடு அப்படியே வெட்டி ஒட்டியது என் தவறு என்று புரிந்தது.

முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள்

கொப்புளம் எழுந்த இடத்தை இரு விரல் நகங்களால் மெல்லக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மேல்துணி மட்டும் தனியாகக் கையில் வந்தால், பசை விட்டுப்போயிருக்கிறது. துணியும் கேன்வாஸும் ஒட்டியபடியே சேர்ந்து நெளிந்திருந்தால் பசையில் குறையில்லை. இரண்டில் ஒன்று மற்றதைவிட அதிகமாகச் சுருங்கியிருக்கிறது. பசை விட்டதைச் சூடேற்றி மறுபடி ஒட்டிப் பார்க்கலாம். சுருக்கத்தால் வந்த நெளிவுக்கோ கேன்வாஸை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

என் காலரில் இரண்டு குறையும் இருந்தன. புதுக் கைத்தறித் துணியில் கஞ்சி இருக்கும். பசை நூலைப் பற்றாமல் அந்தக் கஞ்சிப் படலத்தைப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் கஞ்சி கரையும்போது அதோடு பசையும் விட்டுப்போகும். ஆகவே ஒட்டுவதற்கு முன் துணியை அலசுவது சுருக்கத்துக்காக மட்டுமன்று, கஞ்சியை எடுப்பதற்காகவும்தான்.

துணியையும் கேன்வாஸையும் தயார் செய்தல்

சட்டையைப் பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துணியை ஒருமுறை துவைத்து, காயவைத்து, தேய்த்துக்கொள்ளுங்கள். நெய்த பருத்திக் கேன்வாஸாக இருந்தால் அதை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல் எடுத்து விரித்துக் காயவையுங்கள். அதை இந்த நிலையில் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பசைப் பக்கம் இஸ்திரிப் பெட்டியிலோ மேசையிலோ ஒட்டிக்கொள்ளும். நூலில்லாத பேப்பர் கேன்வாஸ் பெரும்பாலும் நீரில் சுருங்குவதில்லை என்றாலும், அதிகச் சூட்டில் சுருங்கக்கூடும்.

சுருக்கத்தை அளந்து பாருங்கள்

துவைக்காத துணியிலும் ஊறவைக்காத கேன்வாஸிலும் ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் பாவு நூல் ஓடும் திசையில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு தையல் குறிகள் போட்டு, துவைத்த பின் அளந்து பாருங்கள். என் சட்டைத் துணி 19 செ.மீ. ஆனது, கேன்வாஸ் 19.8 செ.மீ.தான் ஆனது. அதாவது 40 செ.மீ. காலர் ஒன்றில் துணி 38 செ.மீ. ஆகும்போது கேன்வாஸ் 39.6 செ.மீ. இருக்கும். மீதமுள்ள 1.6 செ.மீ. எங்கும் ஒளிந்துகொள்ள இடமில்லாமல்தான் நெளிவாக எழுகிறது. இதற்கு மாறாகக் கேன்வாஸ் அதிகம் சுருங்கினால், மிஞ்சிய மேல்துணி கொப்புளமாகும்.

தேர்ந்த தையல்காரர்கள் பொருத்தம் பார்ப்பதன் சாரமும் இதுவே. கேன்வாஸ் துணியைவிடக் கனமாக இருக்கக் கூடாது என்பதோடு, இரண்டின் சுருக்கமும் நெருங்கியிருக்க வேண்டும், கேன்வாஸின் நூலோட்டம் துணியின் நூலோட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். வாயல் போன்ற மெல்லிய துணியில் சொரசொரப்பான பெரிய பசைப் புள்ளி உள்ள கேன்வாஸை வைத்தால், புள்ளிகள் மேல்பக்கம் தெரியும். அதற்கு நுண்ணிய புள்ளியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஆயத்த சட்டைக் காலருக்கான சில கெட்டிக் கேன்வாஸ்களின் பசைக்கு, அழுத்த இயந்திரத்தின் சூடும் அழுத்தமும் தேவைப்படும். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியதுபோல் தோன்றினாலும் அது துவைக்கையில் உரிந்துவிடும்.

ஒட்டும் முறை

துணியின் உட்பக்கம் மேலிருக்க விரித்து, அதன்மேல் கேன்வாஸின் பசைப் பக்கத்தை வைத்து, லேசாக நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் மூடுங்கள். பெட்டியை நடுவில் வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்தி, பத்து முதல் பதினைந்து விநாடி அசையாமல் வைத்திருங்கள். பிறகு தூக்கி, முந்தைய இடத்தைச் சற்றே தொட்டபடி அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்ப்பதுபோல் இழுத்தால் உருகிய பசையோடு கேன்வாஸும் நகரும். பின்னர் திருப்பிப் போட்டு மேல்பக்கத்திலிருந்தும் ஒருமுறை அழுத்துங்கள். சூடு முழுதும் ஆறும்வரை அதை அந்த மேசையிலேயே விட்டுவிடுங்கள். சூட்டோடு எடுத்து மடித்தால் இறுகாத பசை இடம் மாறிவிடும்.

ஆறிய பிறகு ஒரு மூலையை நகத்தால் உரித்துப் பாருங்கள். எளிதாக உரிந்து வந்தால் சூட்டையோ நேரத்தையோ சற்றுக் கூட்டுங்கள். பெரிய துண்டில் கை வைக்கும் முன் உள்ளங்கையளவு துண்டில் இதைச் செய்து, வழக்கம்போல் துவைத்துக் காயவைத்தும் பார்த்துவிடுவது என் வழக்கம். தம்பியின் இரண்டாவது சட்டைக் காலரை அப்படித்தான் வைத்தேன். இதுவரை பலமுறை துவைத்தும் அது நெளியவில்லை.