மார்ச் 1-ல் போட வேண்டிய திருப்புப் பதிவு: ஒரே கூலி இரண்டு வருடத்திலும் ஏறாமல் இருக்க

டர்பனில் ஒரு மசாலாக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கடையின் கணக்கு வருடம் பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. தென்னாப்பிரிக்காவில் பல சிறு வியாபாரங்களுக்கு இப்படித்தான். ஜனவரியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே மார்ச் 1-ல் கணக்குப்பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு புத்தாண்டு. அன்று முதல் வேலையாகப் போட வேண்டிய ஒரு பதிவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பற்று, வரவு என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் ரிவர்சிங் என்ட்ரி என்பதை இங்கே திருப்புப் பதிவு என்று எழுதுகிறேன். பள்ளிப் புத்தகத்தில் ரொக்க ஏட்டுப் பாடத்தில் வரும் எதிர்ப்பதிவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில், சிக்கல் எங்கே வருகிறது

கடையில் ஆட்களுக்கு வாரக் கூலி. திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் வேலை, சனி மாலை பணம். எண்கள் எளிதாக இருக்க, எல்லாருக்கும் சேர்த்து நாளுக்கு 3,000 ரேண்ட், வாரத்துக்கு 18,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

2024-ல் பிப்ரவரி 29 வியாழக்கிழமை வந்தது. அந்த வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் பழைய வருடம், வெள்ளியும் சனியும் புது வருடம். பணம் கைமாறியது மார்ச் 2, சனிக்கிழமை. ஆனால் வேலை நடந்த வருடத்தில்தான் செலவு நிற்க வேண்டும். எனவே நான்கு நாள் கூலி 12,000 ரேண்டைப் பணம் கொடுக்காமலேயே பிப்ரவரி 29 தேதியிட்டு எழுதுகிறோம்:

கூலி கணக்கு — பற்று 12,000
கொடுபட வேண்டிய செலவுகள் கணக்கு — வரவு 12,000

இதுதான் சரிக்கட்டுப் பதிவு. இதுவரை சரி.

மார்ச் 2 அன்று கடைப் பையன் வழக்கம்போல் பணம் கொடுத்த தாளைக் கொண்டுவந்து தருகிறான். அதில் 18,000 என்று இருக்கிறது. நாமும் வழக்கம்போல் கூலி கணக்கில் 18,000 பற்று எழுதிவிடுகிறோம். அவ்வளவுதான், 12,000 ரேண்ட் பழைய வருடத்தில் ஒரு தடவை, புது வருடத்தில் ஒரு தடவை என்று இரண்டு தடவை செலவாகிவிட்டது. கொடுபட வேண்டிய செலவுகள் கணக்கிலோ, கொடுத்து முடித்த கூலி இன்னும் கடனாகவே உட்கார்ந்திருக்கும்.

பதிவை எப்படிப் போடுவது

பழைய வருடத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் இலாப நட்டக் கணக்குக்குப் போய், மார்ச் 1 காலையில் செலவுக் கணக்குகள் பூஜ்யத்தில் நிற்கும். கொடுபட வேண்டிய செலவுகள் மட்டும் இருப்புநிலைக் குறிப்பில் இருப்பதால் 12,000 அப்படியே புது வருடத்துக்கு வரும்.

இப்போது பிப்ரவரியில் போட்ட சரிக்கட்டுப் பதிவை எடுங்கள். அதே தொகை, அதே கணக்குகள், பக்கம் மட்டும் மாற்றி. தேதி மார்ச் 1.

கொடுபட வேண்டிய செலவுகள் கணக்கு — பற்று 12,000
கூலி கணக்கு — வரவு 12,000

விவரக் குறிப்பில் "பிப்ரவரி 29 ஜர்னல் எண் இன்னதன் திருப்பு" என்று மூலப் பதிவின் எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.

இந்த இடத்தில் புதியவர்கள் பதறுவார்கள். கூலி செலவுக் கணக்கு, அதில் எப்படி 12,000 வரவு இருப்பு நிற்கும் என்று. நிற்கட்டும். அது ஒரு நாள் கூத்து. மார்ச் 2-ல் 18,000 பற்று எழுதியதும் 6,000 பற்றாகிவிடும். வெள்ளி, சனி இரண்டு நாள் கூலி அதுதானே?

இதன் வசதி என்னவென்றால், சனிக்கிழமை பணப் பதிவு எழுதுகிறவருக்கு வருடக் கடைசிச் சங்கதி எதுவுமே தெரிய வேண்டியதில்லை. தாளில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும், மீதியை மார்ச் 1 பதிவு பார்த்துக்கொள்ளும். கூலியிலிருந்து பிடிக்கும் வருமான வரி, வேலையிழப்புக் காப்பீடான யூ.ஐ.எஃப். எல்லாம் பணம் கொடுக்கும் நாள் பதிவிலேயே வரட்டும். சரிக்கட்டுப் பதிவிலும் திருப்புப் பதிவிலும் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தக் கூலி மட்டும் இருந்தால் இரண்டும் சுத்தமாக இருக்கும்.

Xero என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். பிப்ரவரி ஜர்னலை எழுதும்போதே `Auto Reversing Date` என்ற கட்டத்தில் மார்ச் 1 என்று கொடுத்துவிட்டால் திருப்புப் பதிவை அதுவே போட்டுவிடும். ஆனால் அப்படிக் கொடுத்ததை மறந்து, கையாலும் ஒரு தடவை போடுகிறவர்கள் உண்டு.

மதிப்பீடு தப்பினால்: மின்சார பில்

கூலியில் தொகை நமக்குத் துல்லியமாகத் தெரியும். மின்சாரத்தில் தெரியாது. பிப்ரவரி மாதத்துக்கான பில் மார்ச் நடுவில்தான் வரும். முந்தைய மாதங்களைப் பார்த்து 8,500 ரேண்ட் என்று எழுதிவைத்தோம் என்று கொள்ளுங்கள். இது வாட் சேர்க்காத தொகை. வாங்கும்போது நாம் கட்டும் வாட்டை, அதாவது உள்ளீட்டு வாட்டை, திரும்பக் கோரச் செல்லுபடியாகும் வரி இன்வாய்ஸ் கையில் வேண்டும். பிப்ரவரி 29-ல் அது இல்லை. எனவே சரிக்கட்டுப் பதிவில் வாட் குறியீடு எதையும் போடாதீர்கள், திருப்பும்போதும் போடாதீர்கள். மென்பொருள் சில சமயம் மின்சாரக் கணக்கைத் தேர்ந்ததும் தானாகவே 15% குறியீட்டைச் செருகிவிடும். அதைக் கவனித்து நீக்க வேண்டும், இல்லாவிட்டால் வரித்துறையான சார்ஸுக்குப் போகும் வாட் படிவத்தில், இல்லாத இன்வாய்ஸுக்கு வரி ஏறிவிடும்.

மார்ச் 1-ல் 8,500-ஐத் திருப்பினோம். பில் வந்தது: 9,200, அதன்மேல் வாட் 1,380, ஆக 10,580. இதை எந்த யோசனையும் இல்லாமல் சாதாரண பில்லாகவே ஏற்றுங்கள்.

மின்சாரம் — பற்று 9,200
உள்ளீட்டு வாட் — பற்று 1,380
கடனீந்தோர் — வரவு 10,580

மின்சாரக் கணக்கில் 8,500 வரவும் 9,200 பற்றும் சேர்ந்து 700 பற்று மிஞ்சுகிறது. இது பிழை இல்லை. நம் மதிப்பீட்டுக்கும் நிஜத்துக்கும் இருந்த இடைவெளி, புது வருடச் செலவாகப் போகட்டும். 700-க்காகப் பழைய வருடத்தைத் திறப்பது வீண் வேலை. இடைவெளி பெரிதாக இருந்து, பழைய வருடக் கணக்கு இன்னும் கையெழுத்தாகாமல் இருந்தால் மட்டும் பிப்ரவரி பதிவைத் திருத்துங்கள். திருத்தினால் மார்ச் 1 பதிவையும் அதே தொகைக்குத் திருத்த வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் வித்தியாசம் கொடுபட வேண்டிய செலவுகளில் ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்த தப்பு

முதல் வருடம் எனக்கு ஆர்வம் அதிகம். மார்ச் 1-ல் கூலியைத் திருப்பினேன். அதோடு நிற்காமல், மார்ச் 2-ல் 18,000-ஐப் பிரித்து எழுதினேன்: கொடுபட வேண்டிய செலவுகளில் பற்று 12,000, கூலியில் பற்று 6,000. பிரித்து எழுதுவதும் ஒரு முறைதான். திருப்புப் பதிவே போடாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் இரண்டையும் செய்துவிட்டேன்.

முதல் வாரக் கணக்கைக் கடை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வேலைக்காரங்க நமக்குக் கூலி குடுத்தாங்களா?" என்று கேட்டார். கூலி கணக்கில் 6,000 ரேண்ட் வரவு இருப்பு நின்றது. 12,000 வரவு, 6,000 பற்று. கொடுபட வேண்டிய செலவுகளோ தலைகீழாக 12,000 பற்று இருப்பில், யாரோ நமக்குத் தர வேண்டியதைப் போல. செலவு இரண்டு தடவை ஏறாமல் பார்த்துக்கொள்ளப் போய், அதே தொகையை இரண்டு தடவை இறக்கியிருந்தேன். பணப் பதிவைத் திறந்து 18,000 முழுவதையும் கூலிக்கே மாற்றியதும் சரியானது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். மார்ச் மாதச் சம்பளம், பில் எல்லாம் ஏறிய பிறகு கொடுபட வேண்டிய செலவுகளின் பேரேட்டை ஒரு தடவை திறந்து பார்ப்பேன். பிப்ரவரி 29 மாலையில் 20,500 நிற்க வேண்டும், அதாவது கூலி 12,000, மின்சாரம் 8,500. மார்ச் 1-க்குப் பிறகு பூஜ்யம். பிப்ரவரி 29-லேயே பூஜ்யம் என்றால் திருப்புப் பதிவுக்கு யாரோ பழைய தேதி போட்டுவிட்டார்கள், பழைய வருட இலாபம் 20,500 கூடுதலாகத் தெரிகிறது. மார்ச்சிலும் 20,500 நின்றால் திருப்பவே இல்லை. பற்று இருப்பு என்றால் என் கதைதான்.

எதைத் திருப்பக் கூடாது

வருடக் கடைசியில் போட்ட எல்லாச் சரிக்கட்டுப் பதிவையும் வரிசையாகத் திருப்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: இதற்கு முழுத் தொகையோடு ஒரு பில்லோ பணம் கொடுத்த தாளோ பிறகு வந்து செலவுக் கணக்கில் ஏறப்போகிறதா? கூலிக்கும் மின்சாரத்துக்கும் ஆம். மாவு அரைக்கும் இயந்திரத்தின் தேய்மானத்துக்கு எந்த பில்லும் வரப்போவதில்லை. அதைத் திருப்பினால் போன வருடத் தேய்மானம் இந்த வருடச் செலவைக் குறைக்கும். வாராக்கடனுக்கான ஒதுக்கீடும் அப்படியே.

ஆடிட்டர் கட்டணம் நடுவில் மாட்டிக்கொள்ளும். பில் வரும், ஆனால் எங்களுக்கு ஆகஸ்டில்தான். மார்ச் 1-ல் திருப்பினால் ஆகஸ்ட் வரை ஒவ்வொரு மாத அறிக்கையிலும் ஆடிட் செலவு வரவு இருப்பாக நின்று இலாபத்தை ஊதிக் காட்டும், தர வேண்டிய கடனும் கண்ணில் படாது. வருடத்துக்கு ஒரு தடவைதான் அறிக்கை எடுப்பீர்கள் என்றால் பரவாயில்லை. கடை அம்மா மாதாமாதம் கேட்பவர். அதனால் அந்த ஒன்றை மட்டும் நான் திருப்புவதில்லை. அதைக் கொடுபட வேண்டிய ஆடிட் கட்டணம் என்ற தனிக் கணக்கில் வைத்து, பில் வரும் நாளில் வாட் போக மீதியை அந்தக் கணக்கில் பற்று எழுதித் தீர்க்கிறேன், வித்தியாசம் இருந்தால் அது மட்டும் ஆடிட் செலவுக்குப் போகும். மறக்காமல் இருக்க அந்தக் கணக்கின் பெயரிலேயே "திருப்பாதே" என்று சேர்த்துவைத்திருக்கிறேன்.