முட்டி வீங்கிய ஆட்டை விற்றுவிட்டால் சி.ஏ.இ. போகாது

பால் ஆட்டுப் பண்ணையில் ஒன்றிரண்டு பெட்டைகளுக்கு முன்னங்கால் முட்டி பெருத்து, எழும்போது விறைப்பாக நடந்தால், அவற்றை மட்டும் கழித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கேப்ரைன் ஆர்த்ரைட்டிஸ் என்செபலைட்டிஸ், சுருக்கமாக சி.ஏ.இ. எனப்படும், ஆட்டின் மூட்டையும் மூளையையும் தாக்கும் இந்த வைரஸ் நோயில் நடக்கும் பெரிய தவறு இதுதான். தொற்றிய ஆடுகளில் பெரும்பாலானவை கடைசிவரை எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. முட்டி வீங்கியது ஒன்று என்றால், நன்றாக மேய்ந்து நன்றாகக் கறக்கும் இன்னும் சில ஆடுகளும் பாலில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம்.

வீக்கத்தைப் பார்த்ததுமே சி.ஏ.இ. என்று முடிவு கட்டுவதும் தவறு. இந்த நோயில் முட்டி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மெல்லப் பெருக்கும், காய்ச்சல் இராது. ஆடு மெலியும், முடி சொரசொரக்கும், முற்றியபின் முன்முட்டியை ஊன்றியே நடக்கும். இரண்டே நாளில் சூடாக வீங்கி, காய்ச்சலோடு பல ஆடுகள் நொண்டினால் மைக்கோபிளாஸ்மா போன்ற வேறு தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரசவித்த உடனேயே மடி கல்லாக இறுகிப் பால் வராமல் போவதும் சி.ஏ.இ.யின் முகம்தான். அதைச் சாதாரண மடிநோய் என்று கடந்துவிடுகிறார்கள். 2 முதல் 6 மாதக் குட்டிகள் சில, தீனி தின்றுகொண்டே பின்னங்கால் தளர்ந்து விழுந்துவிடும். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

வைரஸ் குட்டிக்குப் போகும் முக்கிய வழி சீம்பாலும் பாலும். அதனால் பண்ணை தப்புவதும் மாட்டுவதும் குட்டி பிறக்கும் அந்த முதல் மணி நேரத்தில்தான். 'ஒரு வாய் குடித்தால் என்ன' என்று விட்டால் அதோடு முடிந்தது. ஆள் பக்கத்திலிருந்து, குட்டி காம்பைப் பிடிக்குமுன், தாய் நக்குமுன் எடுத்துத் துடைத்து வேறு கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். இரவில் ஈனக்கூடிய ஆட்டின் காம்புகளை முன்கூட்டியே டேப் ஒட்டி மூடுவார்கள். பிறப்பைத் தவறவிட்டால் அந்தக் குட்டியைச் சந்தேகக் குட்டியாகவே தனியே வளர்க்க வேண்டும். நல்ல குட்டிகளோடு சேர்க்கக் கூடாது.

அப்படிப் பிரித்த குட்டிக்கு, வைரஸ் சாகும்படி சூடாக்கிய சீம்பாலைத்தான் கொடுக்க வேண்டும். அடுத்து நடக்கும் தவறு இந்தச் சூடாக்குவதில். சீம்பாலைக் கொதிக்க வைத்தால் திரண்டு கட்டியாகும் என்பது சமையலறையில் எல்லாருக்கும் தெரியும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கெட்டியாகத் தொடங்கி, குட்டிக்கு வேண்டிய எதிர்ப்புப்பொருளும் கெடும். 56 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வைரஸ் சாகாது. தேவை 56 டிகிரியில் முழு 60 நிமிடம். கைப்பதம் பார்த்து இதைச் செய்ய முடியாது, வெப்பமானி கட்டாயம். சீம்பால் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து, கிளறிக்கொண்டே 57 டிகிரிக்கு ஏற்றுங்கள். வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி வைத்திருந்த பிளாஸ்கில் அதை ஊற்றி மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து அளக்கும்போது 56-க்குக் குறைந்திருந்தால், மீண்டும் முழு ஒரு மணி நேரம். 3 கிலோ குட்டி என்றால் பிறந்த 2 மணி நேரத்துக்குள் 150 மில்லி, 24 மணி நேரத்துக்குள் மொத்தம் 300 மில்லியாவது போக வேண்டும். ஆகவே 150 மில்லி பாட்டில்களில் முன்பே உறைய வைத்திருப்பது நல்லது. அதன்பிறகு கொடுக்கும் சாதாரண ஆட்டுப்பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கலாம், பசும்பாலும் ஆகும். எல்லா ஆட்டின் பாலையும் ஒரே வாளியில் கலந்து பச்சையாகக் கொடுத்தால், ஓர் ஆட்டின் தொற்று மொத்தக் குட்டிகளுக்கும் போய்விடும்.

சோதனையிலும் ஏமாறுகிறார்கள். தொற்றிய தாயின் சூடாக்கிய சீம்பால் குடித்த குட்டியின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்புப்பொருள் சில மாதம் இருக்கும். 3 மாதத்தில், ரத்தத்தில் எதிர்ப்புப்பொருளைத் தேடும் எலைசா சோதனை செய்து 'பாசிட்டிவ்' என்று நல்ல குட்டியைக் கழிப்பது வீண். 6 மாதத்துக்குப் பிறகே சோதியுங்கள். மறுபக்கம், புதிதாகத் தொற்றிய ஆடு பல மாதங்கள்வரை 'நெகட்டிவ்' காட்டலாம். ஆகவே வாங்கிய ஆட்டை ஒரு சோதனையை நம்பி உள்ளே விடாமல் தனியே வைத்து மறுபடி சோதியுங்கள். பட்டி முழுவதையும் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதே வழக்கம்.

தொற்றிய ஆடுகளை உடனே கழிக்க முடியாதென்றால், இரண்டு மந்தைகளுக்கும் நடுவே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒரே வேலிக்கு இருபுறமும் கட்டினால் பிரித்ததாக ஆகாது. தொற்றில்லாதவற்றை முதலில் கறந்து, மற்றவற்றைக் கடைசியில் கறக்க வேண்டும். ரத்தம் வழியாகவும் பரவும் என்பதால் ஊசி ஆட்டுக்கு ஒன்று. காதுத்தோடு போடும் கருவியை ஒவ்வொரு ஆட்டுக்கும் இடையே கழுவிக் கிருமிநீக்க வேண்டும்.

சானன், டோகன்பர்க் இனங்களின் தாயகமான சுவிட்சர்லாந்தில் ஒரு காலத்தில் பாதிக்கு மேற்பட்ட ஆடுகளுக்குத் தொற்று இருந்தது. 1980-களில் தொடங்கிய ஒழிப்பு வேலையில் அது மிகச் சொற்பமாகக் குறைந்தது. ஆயினும் சி.ஏ.இ. வைரஸுக்கு நெருங்கிய உறவான, செம்மறியிடம் உள்ள வைரஸ் ஆட்டுக்கும் தொற்றும் என்பதால், சுத்தமான ஆட்டு மந்தையோடு சோதிக்காத செம்மறிகளை அடைக்க வேண்டாம்.