முதல் அம்லோடிபின் சீட்டு: கவுன்டரில் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

டி.பார்ம் முடித்துவிட்டு காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் மருந்துக் கடைகளில் புதிதாக நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அதிகம் வரும் பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் ஒன்று. கொடுப்பதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் முதல் தடவை வாங்குபவரிடம் ஐந்து நிமிடம் பேசாமல் அனுப்பினால், இரண்டு மாதத்தில் கால் வீங்கியதும் யாரிடமும் சொல்லாமல் அவரே மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்தியதால் உடம்புக்கு உடனே ஒன்றும் தெரியாது. பிரஷர் மட்டும் பழைய இடத்துக்குப் போய்விடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பள்ளத்தூரிலிருந்து வரும் 62 வயது ஆச்சி. மருத்துவர் பார்த்தபோது பிரஷர் 164/96. சர்க்கரை இல்லை. சீட்டில் அம்லோடிபின் 5 மில்லிகிராம், 1-0-0, முப்பது நாள், நான்கு வாரம் கழித்துத் திரும்ப வரவும் என்று இருக்கிறது.

படி 1: அட்டையை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

சாயங்காலக் கூட்டத்தில் கவுன்டருக்கு மேலே கத்திப் பேசாதீர்கள். "ஆச்சி, புது மாத்திரை எழுதியிருக்காங்க. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க, சொல்லித் தர்றேன்" என்று ஓரமாக உட்கார வையுங்கள்.

முதல் கேள்வி: "பிரஷருக்கு இதுக்கு முன்னாடி ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? வேற என்ன மாத்திரை ஓடுது?" பிரஷர் மாத்திரை ஒன்றும் இல்லை என்பவர்களில் பலர் மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டிருப்பார்கள். வலி மாத்திரையை மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அதனால் "முட்டி வலிக்கு என்ன போடுறீங்க?" என்று தனியாகக் கேளுங்கள். இந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும், காலையும் வீங்க வைக்கும். பிறகு பழி முழுக்க அம்லோடிபின் மேல் விழும். தினமும் போடுகிறார் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: "இப்பவே கால்ல வீக்கம் இருக்கா?" கேட்பதோடு நிற்காமல் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் ஒரு பத்து நொடி அழுத்தச் சொல்லுங்கள். விரலை எடுத்ததும் குழி விழுந்து நிற்கிறதா, இல்லையா என்பதைச் சீட்டின் பின்பக்கம் தேதியோடு குறித்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து வீக்கம் வந்தால், அது புதிதா பழையதா என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும். நம் ஆச்சிக்குக் குழி இல்லை.

அட்டையை எடுக்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். பல கம்பெனிகளில் ஒரே பெயருக்குப் பின்னால் 'ஏடி' என்று சேர்த்தால் அதில் அட்டெனலாலும் இருக்கும். பெட்டிகள் அடுத்தடுத்து இருப்பதால் கை மாறிப் போகும். 2.5, 5, 10 என்ற அளவையும் வாய்விட்டுப் படித்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

படி 2: எப்போது போடுவது

"தினமும் காலையில ஒண்ணு. சாப்பிட்ட பிறகும் போடலாம், வெறும் வயித்துலயும் போடலாம். ஆனா ஒரே நேரம்." இவ்வளவு போதும். சாப்பாட்டுக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை. பல் துலக்கிக் காபி குடிக்கும் வேளையோடு சேர்த்துச் சொன்னால் மறக்காது. ராத்திரி போட்டால்தான் நல்லது என்று யாராவது சொன்னதாகக் கேட்பார்கள். 2022-இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டன் ஆய்வில், பிரஷர் மாத்திரைகளைக் காலையில் போட்டவர்களுக்கும் மாலையில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. எனவே சீட்டில் காலை என்று இருந்தால் காலை.

அடுத்து, மாத்திரை மெதுவாக வேலை செய்யும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். போட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் உச்ச அளவுக்கு வரும். அதில் பாதி வெளியேற 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். தினமும் போடப் போட, ஏழெட்டு நாளில்தான் அளவு ஒரு நிலைக்கு வரும். பிரஷர் முழுதாக இறங்க இரண்டு வாரம்கூட ஆகலாம். இதைச் சொல்லாவிட்டால் மறுநாளே பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மாத்திரை கேக்கலையே" என்று வந்து நிற்பார்கள். சிலர் தாமாகவே இரண்டு போட்டுக்கொள்வார்கள், அதுதான் ஆபத்து. "முதல் ரெண்டு வாரம் நம்பரைப் பாத்துப் பதறாதீங்க ஆச்சி. டாக்டர் சொன்ன நாள்ல பாப்போம்."

மறந்துபோனால் என்ன செய்வது? அன்றைக்கே, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. மெதுவாக வெளியேறும் மருந்து என்பதால் ஒரு வேளை தவறினால் பிரஷர் உடனே எகிறாது. அதே காரணத்தால்தான் கூடுதலாகப் போட்டுவிட்டால் அது இறங்கவும் நேரமாகும். வீட்டில் குழந்தையோ பெரியவரோ பல மாத்திரைகளை ஒன்றாக விழுங்கிவிட்டால், மயக்கம் வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

முதல் சில நாள் தலை லேசாக வலிக்கலாம், முகம் சூடாகச் சிவக்கலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ராத்திரி எழும்போது படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

படி 3: கால் வீக்கம்

பேச்சில் பாதி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பயமுறுத்தினால் மாத்திரையைத் தொடவே மாட்டார்கள் என்று சிலர் மறைக்கிறார்கள். அது தவறு. முன்னமே சொன்ன வீக்கத்துக்கு உங்களிடம் திரும்பி வருவார்கள். சொல்லாமல் விட்ட வீக்கத்துக்கு மாத்திரையைத் தூக்கிப் போடுவார்கள்.

காரணம் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அம்லோடிபின், ரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகளை விரிக்கிறது. திருப்பி எடுத்துப்போகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரத்து வாய்க்கால் அகலமாகி வடிகால் பழையபடி இருந்தால் வயலில் நீர் கட்டுவதைப் போல, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. நாள் முழுக்கத் தொங்கும் கணுக்காலில் அது தங்குகிறது. உடம்பில் உப்பும் நீரும் கூடிப்போனதால் வருவதல்ல இந்த வீக்கம். சிறுநீரகமோ இதயமோ கெட்டுவிட்டது என்றும் இதற்கு அர்த்தமில்லை. அளவு கூடக் கூட இது கூடும். ஆய்வுகளில் 5 மில்லிகிராம் போட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும், 10 மில்லிகிராம் போட்டவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கும் வந்திருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

ஆச்சியிடம் இப்படிச் சொல்லலாம்: "கொஞ்ச நாள் போனதும் சில பேருக்குச் சாயங்காலம் ரெண்டு கணுக்காலும் உப்பும். கொலுசு இறுக்கும், செருப்பு வார் தடம் பதியும். காலையில எந்திரிக்கும்போது குறைஞ்சிருக்கும். அது இந்த மாத்திரையால வரலாம். வந்தா நீங்களா நிறுத்தாதீங்க. எங்கிட்டச் சொல்லுங்க, இல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க."

சித்திரை வெயிலில் இது கூடும். திண்ணையில் காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலும், சென்னைக்கு ஏழெட்டு மணி நேரம் ரயிலில் போனாலும் கூடும். மத்தியானம் படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தினால் ஓரளவு வடியும். பயணத்தில் மணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடக்கட்டும். மாவடு, வத்தல், அப்பளத்தைக் குறைப்பது பிரஷருக்கு நல்லது. ஆனால் அதனால் மட்டும் இந்த வீக்கம் வற்றிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

கவுன்டரில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வீக்கம் என்று வந்தவருக்கு நீர் போகும் மாத்திரையைக் கொடுத்துவிடுவது. வீக்கத்தின் காரணம் கூடுதல் நீர் அல்ல என்பதால் அது பெரிதாகக் கேட்காது. சிறுநீர் அதிகம் போய், பொட்டாசியம் குறைந்து, தலைசுற்றல்தான் மிஞ்சும். சரியான வழி மருத்துவரிடம் இருக்கிறது: அளவை 2.5 ஆகக் குறைக்கலாம், சிரைகளையும் விரிக்கும் டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது வேறு வகைக்கு மாற்றலாம். நிறுத்தினாலும் வீக்கம் ஒரே நாளில் போகாது. மருந்து வெளியேறி, தேங்கிய நீர் வடியச் சில நாள் முதல் சில வாரம் ஆகும்.

எந்த வீக்கத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டினாலோ, சில நாளில் எடை ஏறினாலோ இதயத்தைப் பார்க்க வேண்டும். உதடு, முகம், நாக்கு வீங்கினால் ஒவ்வாமை. இவை எதற்கும் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. அன்றே மருத்துவமனை.

படி 4: அடுத்த அட்டை

பிரஷர் இறங்கிவிட்டது, இனி வேண்டாம் என்று முப்பதாவது நாளில் நின்றுபோவதுதான் வழக்கம். "நம்பர் இறங்கினது மாத்திரையாலதான் ஆச்சி. தீந்துபோச்சுன்னு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்னாத்தான்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பத்து மாத்திரை அட்டை மூன்று கொடுக்கிறீர்கள். மூன்றாவது அட்டையில் மூன்று குமிழை விட்டு, மீதி ஏழையும் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். "கோட்டைத் தொட்டதும் டாக்டரைப் பாத்துட்டு இங்க வாங்க." ஒரு வாரம் கையில் இருக்கும். மருத்துவர் விடுமுறை, சரக்கு இல்லை, ஊரில் கல்யாணம் எதுவானாலும் சமாளிக்கலாம். அட்டையை வெட்டிச் சில்லறையாகக் கொடுத்தால் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி உள்ள பக்கம் போய்விடும். மாதக்கணக்கில் ஓடும் மாத்திரைக்கு முழு அட்டையாகவே கொடுங்கள்.

இது அட்டவணை எச் மருந்து. திரும்பக் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் கடைப் பெயர், முகவரி, தேதியைச் சீட்டில் பதிய வேண்டும். அதனால் அடுத்த முறை போகும்போது, "மூணு மாசத்துக்கு வாங்கலாம்னு எழுதித் தாங்க" என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

இங்கே இன்னொரு சிக்கல், ஒரே மருந்து இரண்டு வழியில் வீட்டுக்குள் வருவது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் அம்லோடிபின் இருந்து, கடையில் வாங்கியதும் இருந்தால், நிறம் வேறு, அட்டை வேறு என்பதால் இரண்டையும் போடுவார்கள். கம்பெனி மாறும்போதும் இப்படித்தான். பழைய அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, இரண்டிலும் உள்ள மருந்துப் பெயரை விரல் வைத்துக் காட்டுங்கள்: "பேரு ஒண்ணு, அளவு ஒண்ணு. ஏதாச்சும் ஒரு அட்டையிலதான் எடுக்கணும்."

அனுப்பும் முன், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், தலைதான் ஆட்டுவார்கள். "கால் உப்பினா என்ன செய்வீங்க ஆச்சி?" என்று கேளுங்கள். "நிறுத்த மாட்டேன் தம்பி, வந்து சொல்றேன்" என்றால் சரி. "மாத்திரைய நிறுத்திட்டு வருவேன்" என்றால் மூன்றாம் படியை இன்னொரு தடவை சொல்லுங்கள். மகள் வீட்டுக்குச் சென்னை போவதாக இருந்தால், சீட்டையும் அட்டையின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து அவரிடமே கொடுத்தனுப்புங்கள். அங்கே அதே கம்பெனி கிடைக்காவிட்டாலும் அம்லோடிபின் 5 என்று கேட்டு வாங்க அது போதும்.