கல்யாணத்துக்கும் வயலுக்கும் ட்ரோன் வீடியோ: பதிவுக்கு மேலே என்ன எழுதுவது?

ட்ரோன் வாங்கியாயிற்று, பேஸ்புக்கில் பக்கமும் திறந்தாயிற்று. அடுத்து வீடியோவுக்கு மேலே நாலு வரி எழுத வேண்டும். வன்னியில் அநேகம் பேர் எழுதுவது, “சகல நிகழ்வுகளுக்கும் அணுகவும்.” நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். பரந்தனில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது பொம்பிளையின் மாமா கேட்டார்: “தம்பி, இரவு ரிசெப்ஷனுக்கும் மேலே விடுவியள்தானே?” ஏலாது என்றேன். “அப்ப சகல நிகழ்வும் எண்டு ஏன் போட்டனியள்?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதனால் இப்போது, செய்ய மாட்டோம் என்பதை முதலிலேயே எழுதுகிறேன். முதல் சில வரி மட்டுந்தான் திறக்காமலே கண்ணில் படும். ஒரு வரியில் இடமும் வேலையும், அடுத்த வரியில் எல்லை:

“கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா: கல்யாணம், வயல், தோட்டம். ட்ரோன் வீடியோ.
பகலில் மட்டும். மண்டபத்துக்குள்ளும் ஆட்களின் தலைக்கு மேலேயும் பறக்காது.”

அடுத்தது அனுமதி. இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ட்ரோனைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவது ஒன்று. பறப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுப்பது இன்னொன்று. கோயில், மண்டபம், காணிக்காரர் சம்மதம் மூன்றாவது. பதிவு இருந்தால் எங்கேயும் பறக்கலாம் என்று நினைக்காதீர்கள். “249 கிராம்தானே, பதிவு வேண்டாம்” என்பதும் வேறு நாட்டு யூடியூப்பில் கேட்ட கதை. இதை இப்படி எழுதலாம்:

“ட்ரோன் பதிவு செய்தது. உங்கள் இடத்துக்கும் நாளுக்கும் வேண்டிய அனுமதியை நாங்கள் கேட்போம். மூன்று கிழமைக்கு முதல் சொல்லுங்கள். கோயில், மண்டபச் சம்மதம் உங்கள் பொறுப்பு. அனுமதி கிடைக்காவிட்டால் ட்ரோனுக்கான காசு முழுவதும் திரும்பும்.”

மூன்று கிழமை என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உங்களுக்கு எவ்வளவு நாள் எடுக்கிறதோ அதை எழுதுங்கள். உயரத்தையும் மனதில் வந்தபடி போடாமல் அனுமதிக் கடிதத்தில் உள்ளதையே போடுங்கள். இரணைமடுப் பக்கமும் வவுனியாப் பக்கமும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. முகாம் வேலி படத்துக்குள் வரும் இடமென்றால் முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வயலுக்குத் தனியாக இரண்டு வரி வேண்டும். “மருந்து அடிக்காது, படம் மட்டும்” என்று எழுதாவிட்டால் மருந்தடிக்க ஏக்கருக்கு எவ்வளவு என்றுதான் கோல் வரும். இன்னொன்று, பயிரில் மஞ்சள் திட்டு எங்கே என்று மேலேயிருந்து நன்றாகத் தெரியும். அது தண்ணீர் ஏறாததாலா, நோயாலா என்று சாதாரணக் கமரா சொல்லாது. “திட்டைக் காட்டுவோம், காரணம் சொல்ல மாட்டோம்” என்றே எழுதுங்கள். சிறுபோகக் காலத்தில் சோளகம் வீசும்போது சின்ன ட்ரோன் வரம்புக்கு நேரே நிற்காமல் சரிந்து சரிந்து போராடும். அதனால் “காலையில் மட்டும், பலத்த காற்றென்றால் நாள் மாறும்” என்பதையும் சேர்க்கிறேன். பட்டரி ஒன்றுக்கு 20 நிமிடம் என்று கணக்கு வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் காற்றில்லாத இடத்துக் கணக்கு.

(மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ட்ரோன் விழுந்தால் எடுக்கப் போகாதீர்கள். ட்ரோன் போனால் போகட்டும்.)

இனி மாதிரி ரீல். மேலே “தலைக்கு மேலே பறக்காது” என்று எழுதிவிட்டு, கீழே மணவறைச் சனத்துக்கு நேர் மேலே எடுத்த காட்சியைப் போட்டால் எழுதியதை யார் நம்புவது? எனது 30 வினாடி ரீலில், வாய்க்கால் தெருவில் வரும் பொம்பிளைக் காரை வெறும் வயல் பக்கமிருந்து பக்கவாட்டாக எடுத்த 8 வினாடி இருக்கிறது. பிறகு கோயில் கோபுரம், வெளி வீதிக்கு அப்பாலிருந்து, 6 வினாடி. அடுத்து காலபோக அறுவடை: வெட்டு மெசின் போன பாதை வைக்கல் நிறத்தில் கோடாக நீளும், ஓரத்தில் பனை வரிசை, 10 வினாடி. கடைசி 6 வினாடி கீழேயிருந்து போனில் எடுத்தது. நான் வரம்பில் நிற்க, ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் அதிகம் பேர் விசாரிக்கிறார்கள்.

சின்ன ட்ரோன் சத்தத்தைப் பதியாது. நாதஸ்வரத்தைப் போனில் தனியாகப் பதிந்து சேர்த்துக்கொள்ளுங்கள்; சினிமாப் பாட்டுப் போட்டால் பேஸ்புக் சத்தத்தை அணைத்துவிடலாம். காட்சியில் முகம் தெரிகிறவர்களிடமும் காணிக்காரரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். ரீலுக்குக் கீழே ஒரு வரி: “காட்சிகள் கல்யாண வீட்டாரினதும் வயல்காரரினதும் சம்மதத்துடன். வயல் எடுத்தது மாசி மாதம். மற்ற மாதங்களில் இந்த நிறம் இராது.”