லண்டன் டிக்கெட் போடும்போது கார்பன் கணக்கை எப்படிப் பாக்குறது (ரிட்டர்ன் பக்கத்துல ஏமாறாம)

அக்கா லண்டன்ல இருக்கா, அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சென்னை–லண்டன் டிக்கெட் போடுற வேலை வீட்ல என் தலையிலதான் விழும். ஒரு ஆள் ஒரு தடவை போய்ட்டு வந்தாலே கிட்டத்தட்ட ஒரு டன் கார்பன் ஆகுதுன்னு பாத்ததுல இருந்து மனசு கேக்கல, கொஞ்சமாவது குறைக்கணும்னு உக்காந்து கத்துக்கிட்டேன். ஃப்ளைட்டைப் பொறுத்து இதுல இருநூறு கிலோவுக்கு மேலயே வித்தியாசம் வருது, அதுக்குப் பெருசா காசு கூடவும் தேவையில்ல.

நான் கூகுள் ஃப்ளைட்ஸ்தான் யூஸ் பண்றேன். விலையும் கார்பனும் ஒரே வரியில தெரியுறது எனக்கு அங்கதான் வசதியா இருக்கு. ஃபோன்ல பாக்காதீங்க, லேப்டாப்ல பாருங்க, நாலு வரியை ஒப்பிட்டுப் பாக்க ஃபோன் ஸ்கிரீன் பத்தாது. ஊர், தேதி போடுறதெல்லாம் உங்களுக்கே தெரியும். எத்தனை பேர் போனாலும் முதல்ல ஒரு ஆளுக்கு மட்டும் தேடுங்க, அப்பதான் கணக்கு குழம்பாது.

1. சதவீதத்தை விட்டுட்டு கிலோவைப் பாருங்க

ஒவ்வொரு ஃப்ளைட் வரியிலயும் விலைக்குப் பக்கத்துல 498 kg CO2e-ன்னு ஒரு எண் இருக்கும், அதுக்குக் கீழ -9% emissions இல்லன்னா Avg emissions-னு இருக்கும். கண்ணு நேரா பச்சைக் கலர் சதவீதத்துக்குத்தான் போகும். ஆனா அந்த சதவீதம் அந்த ரூட்டோட வழக்கமான அளவோட ஒப்பிட்டுச் சொல்றது. சென்னைல இருந்து ஏறலாமா பெங்களூர்ல இருந்து ஏறலாமான்னு யோசிக்கிறவங்க ரெண்டு பக்கத்து சதவீதத்தையும் வச்சு முடிவு பண்ணக் கூடாது, ஏன்னா அது ரெண்டும் வேற வேற அளவுகோல். பிசினஸ் கிளாஸ்லயும் இதே கதைதான், பெரிய விமானத்துல ஒரு பிசினஸ் சீட்டை எக்கானமி சீட்டு மாதிரி 4 மடங்காத்தான் கணக்கு எடுக்குறாங்க, அதனால பக்கத்துல பச்சையில என்ன எழுதியிருந்தாலும் கிலோ எகிறியிருக்கும்.

2. அம்புக்குறியைத் தட்டி விமானம் எதுன்னு பாருங்க

வரியோட கடைசியில இருக்குற சின்ன அம்புக்குறியைத் தட்டுனா ஒவ்வொரு கட்டத்துக்கும் Boeing 787, Airbus A380-ன்னு விமானத்தோட பேர் வரும். லண்டன் ரூட்ல வித்தியாசமே பெரும்பாலும் இங்கதான் இருக்கு.

நேரா போறதுதான் எப்பவும் கம்மின்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். சென்னைல இருந்து லண்டன் நேரா சுமார் 8,200 கிலோமீட்டர். துபாய் வழியா போனா சுமார் 8,400. துபாய் கிட்டத்தட்ட போற வழியிலயே இருக்கு, அதனால சுத்து ரொம்பக் கம்மி. நடுவுல ஒரு தடவை இறங்கி ஏறுறதுக்குக் கொஞ்சம் எரிபொருள் கூட ஆகும்தான், ஆனா அதை விட அந்த துபாய்–லண்டன் கட்டத்துல எந்த விமானம்ங்கறதுதான் பெரிய விஷயம். A380-க்கு நாலு இன்ஜின், பழைய டிசைன். 787, A350 ரெண்டும் அதுக்கப்புறம் வந்தது, ரெண்டே இன்ஜின், உடம்பு பெரும்பாலும் கார்பன் ஃபைபர், அதனால எடை கம்மி. இதே லண்டனுக்கு சிங்கப்பூர் வழியா போனீங்கன்னா 13,000 கிலோமீட்டரைத் தாண்டிடும், அங்க எவ்வளவு புது விமானமா இருந்தாலும் ஈடு கட்ட முடியாது. இறங்குற ஊர் வழியில இருக்கா, முதுகுப்பக்கம் இருக்கான்னு மேப்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.

3. ஒரு கிலோ குறைக்க எவ்வளவு ரூபாய்?

கடைசியா போட்டப்ப என் முன்னாடி இருந்த மூணு வரி இது. விலை போக வர சேர்த்து, கிலோ போறதுக்கு மட்டும்.

துபாய் வழி, நடுவுல A380: ₹68,400, 610 கிலோ
தோஹா வழி, 787-ம் A350-ம்: ₹71,200, 498 கிலோ
நேரா, 787: ₹84,900, 476 கிலோ

முதல் வரிக்கும் ரெண்டாவதுக்கும் 2,800 ரூபா வித்தியாசம், போறப்ப 112 கிலோ குறையுது, வர்றப்பவும் அதே அளவு குறையும்னு வச்சா 224 கிலோ. வகுத்துப் பாத்தா கிலோவுக்கு 12.50 ரூபா. ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்குப் போக இன்னும் 13,700 ரூபா, குறையுறது ரெண்டு பக்கமும் சேர்த்து 44 கிலோ, அதாவது கிலோவுக்கு 311 ரூபா. யோசிக்கவே இல்ல, தோஹாதான். கைக்குழந்தையோட போறவங்க, வயசானவங்களைத் தனியா அனுப்புறவங்க நேரா போறதையே எடுக்கலாம், ஆனா அது வசதிக்காகக் குடுக்குற காசு.

Emissions ஃபில்டர்ல Less emissions only-னு ஒண்ணு இருக்கு, நான் அதைப் போட மாட்டேன். அதைப் போட்டா மலிவான வரியெல்லாம் மறைஞ்சிடும், அப்புறம் எதோட ஒப்பிட்டு எவ்வளவு கூடக் குடுக்குறோம்னே தெரியாது. Sort-ல Price-ஐ வச்சுட்டு மேல இருந்து கீழ கிலோவைப் பாத்துட்டே வாங்க, எங்க கிலோ சட்டுன்னு விழுதோ அங்க நிறுத்துங்க.

4. ரிட்டர்ன் பக்கம், இங்கதான் நான் விழுந்தேன்

முதல் பக்கத்துல காட்டுற விலை round trip விலை, ஆனா கிலோ போற ஃப்ளைட்டுக்கு மட்டும்தான். இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கல. அதுக்கு முந்தின தடவை போறதுக்கு அரை மணி நேரம் உக்காந்து பாத்துப் பாத்து எடுத்துட்டு, ரிட்டர்ன் பக்கம் வந்ததும் விலை ஏறலைன்னு பாத்ததும் முதல் வரியைத் தட்டி காசும் கட்டிட்டேன். மெயில்ல வந்த டிக்கெட்டைப் பொறுமையா படிக்கும்போதுதான் லண்டன்–தோஹா கட்டம் A380-ன்னு தெரிஞ்சுது. மறுபடி அதே தேதியைத் தேடிப் பாத்தா அது 604 கிலோ, அதுக்கு ரெண்டு வரி கீழ அதே கம்பெனி, அதே விலை, நாலு மணி நேரம் தள்ளி A350-ல 505 கிலோன்னு இருந்துச்சு. ஒரு பைசா செலவில்லாம குறைச்சிருக்கலாம், மாத்தணும்னா இப்ப கட்டணம் கேட்டாங்க.

லண்டன் மாதிரி ஊருக்கு வளைகுடா கம்பெனிங்க ஒரு நாள்ல பல ஃப்ளைட் விடுறாங்க, ஒவ்வொரு நேரத்துக்கும் விமானம் மாறும். அதனால ரிட்டர்ன் பக்கத்துல ஒரே விலையில இருக்குற எல்லா வரியையும் பாத்துட்டு அதுல கிலோ கம்மியானதை எடுங்க. ரெண்டு பக்கத்து கிலோவையும் கூட்டுன பிறகு மேல சொன்ன வகுத்தலை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.

அப்டேட்: ஏர்லைன் சைட்ல இதே ஃப்ளைட்டுக்குக் கம்மியா காட்டுதே, யாரு சொல்றது சரின்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். கூகுள் எண்ணுல எரிபொருளை எடுத்து, சுத்திகரிச்சு, கொண்டு வர்றதுல ஆகுற கார்பனும் சேர்ந்திருக்கு, அதனால ஒரு கிலோ எரிபொருளுக்கு கிட்டத்தட்ட 3.84 கிலோன்னு போடுறாங்க. விமானத்துல எரியுறதை மட்டும் எடுத்தா 3.16 தான். ரெண்டு சைட் எண்ணைக் கலக்காதீங்க, ஒரே சைட்டுக்குள்ளயே ஒப்பிடுங்க. வானத்துல விடுற வெள்ளைக் கோடு இருக்குல்ல, அதுவும் பூமியைச் சூடாக்கும், அது இந்தக் கிலோவுல இல்ல.

இன்னொரு அப்டேட்: புக் பண்ணப்ப 787, கிளம்புறப்ப வேற விமானம் வந்துச்சுன்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாங்க. அது நடக்கும், நம்ம கையில இல்ல. எண்ணும் மதிப்பீடுதான், அன்னைக்குக் காத்து எப்படி, உள்ள எத்தனை பேர்னு அதுக்குத் தெரியாது. அதனால அஞ்சு பத்து கிலோ வித்தியாசத்துக்கெல்லாம் நான் காசு கூடக் குடுக்குறதில்ல, நூறு கிலோ விழுந்தா மட்டும் குடுக்குறேன்.