3 வருட அனுபவமுள்ள டெஸ்டருக்கு ரெஃபரல் கேட்டு ஆபீஸ் குழுவில் பதிவு போடுவது எப்படி?

சித்தி மகளுக்காக எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரெஃபரல் பதிவு போட்டேன். அதை எழுதிய முறையை இங்கே சொல்கிறேன். ரெஸ்யூமே தயாராக இருக்கிறது, வேலை தேடும் கம்பெனியில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் பெயரில் ஏற்கெனவே யாராவது அப்ளை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்

எங்களுக்கு இடித்தது இந்த இடத்தில்தான். குழுவில் ஒருவர் உடனே உதவ முன்வந்தார். ஆனால் போர்ட்டலில் ரெஸ்யூமேயை ஏற்றியதும், இந்த நபர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார் என்று வந்துவிட்டது. தங்கையோ அங்கே அப்ளை செய்யவே இல்லை. விசாரித்தால், சில மாதங்களுக்கு முன் ஒரு கன்சல்டன்சிக்கு அனுப்பிய ரெஸ்யூமேயை அவர்கள் அங்கே ஏற்றியிருக்கிறார்கள்.

பெரும்பாலான கம்பெனிகளில் முதலில் ஏற்றியவர் பெயரில்தான் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு விண்ணப்பம் நிற்கும். அந்தக் காலக்கெடு முடியும்வரை ரெஃபரல் செல்லாது. அதனால் மெயிலில் அந்த கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பேசிய கன்சல்டன்சிகளிடம் எங்கெல்லாம் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். சிக்கிக்கொண்டால் வேறு மெயில் ஐடியில் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். போன் நம்பரை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், பெயரும் கெடும். பழைய விண்ணப்பத்தையே எடுத்துப் பார்க்கும்படி உள்ளே இருப்பவர் எச்.ஆரிடம் சொல்லலாம். அவருக்கு ரெஃபரல் போனஸ் கிடைக்காமல் போகலாம், ஆனால் இன்டர்வியூவுக்கு வழி உண்டு. தங்கைக்கு அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

படி 2: என்ன கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வேலைக்கான ஜாப் ஐடி கையில் இருந்தால், தெரிந்தவரே போர்ட்டலில் ஏற்றிவிடலாம், குழுவில் கேட்கத் தேவையில்லை. எந்த டீமில் டெஸ்டர் தேவை என்று தெரியாதபோதுதான் குழு உதவும். ஆகவே "ரெஃபர் பண்ணுங்க" என்று பொதுவாக எழுதாமல், "உங்கள் ப்ராஜெக்டில் டெஸ்டிங் ஓப்பனிங் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

படி 3: மூன்று வருடத்தை விரித்து எழுதுங்கள்

"3 வருடம், மேனுவல் மற்றும் ஆட்டோமேஷன்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். படிக்கும் டெஸ்ட் லீடுக்கு அதில் ஒன்றும் தெரியாது. மூன்றில் எத்தனை வருடம் ஆட்டோமேஷன், ஃப்ரேம்வொர்க்கை நீங்களே கட்டினீர்களா, இருந்ததில் ஸ்க்ரிப்ட் மட்டும் எழுதினீர்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்கான பதில் பதிவிலேயே இருக்கட்டும். இன்டர்ன்ஷிப் மாதங்களைத் தனியாகக் காட்டுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். பதிவையும் ரிலீவிங் லெட்டரையும் வைத்துத்தான் பல இடங்களில் அனுபவத்தைக் கணக்கிடுகிறார்கள்.

பதிவை உள்ளே இருப்பவர் அப்படியே எடுத்துப் போடும்படி, அவர் சொல்வது போலவே எழுதிக் கொடுங்கள். நாங்கள் ஆங்கிலத்தில் போட்டதன் தமிழ் வடிவம் இது:

> என் தங்கைக்கு டெஸ்டிங்கில் வாய்ப்பு தேடுகிறோம். உங்கள் ப்ராஜெக்டில் ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள்.
> அனுபவம்: 3 வருடம் 2 மாதம். முதல் ஒன்றரை வருடம் மேனுவல், பிறகு செலினியம், ஜாவா, டெஸ்ட்என்ஜி.
> வேலை: அமெரிக்க இன்சூரன்ஸ் கிளையண்டின் கிளெய்ம்ஸ் மாட்யூல். இருக்கும் ஃப்ரேம்வொர்க்கில் ரெக்ரெஷன் ஸ்க்ரிப்ட் எழுதுகிறார். போஸ்ட்மேனில் ஏபிஐ டெஸ்டிங், ஓரளவு எஸ்க்யூஎல்.
> நோட்டீஸ்: 60 நாள், இன்னும் ராஜினாமா செய்யவில்லை. சென்னை, பெங்களூரு இரண்டும் சரி.
> ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். போன் நம்பர் தனியாக அனுப்புகிறேன்.

கிளையண்டின் பெயரைப் போடாதீர்கள், துறையைச் சொன்னால் போதும். ராஜினாமா செய்துவிட்டால் "நோட்டீஸில் இருக்கிறார்" என்று விடாமல் கடைசி வேலை நாளின் தேதியைக் கொடுங்கள். ஆள் சீக்கிரம் வேண்டும் என்று தேடுகிற மேனேஜர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

படி 4: ரெஸ்யூமேயை இணைப்பது

பிடிஎஃப் மட்டும்தான் என் கட்சி. வேர்ட் ஃபைல் போனில் திறந்தால் அட்டவணையெல்லாம் கலைந்துவிடும். ஃபைலின் பெயரிலேயே விஷயம் தெரியட்டும்:

```
QA_3Yrs_Selenium_Java_Chennai.pdf
```

பின்சேர்க்கை: டிரைவ் லிங்க் கொடுத்தால் என்ன என்று கமென்டில் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், ஆனால் ஆபீஸ் மெயிலில் இருந்து திறப்பவருக்கு அனுமதி கேட்டு நின்றுவிடுவதுண்டு. வேறொரு கணக்கிலிருந்து நீங்களே திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொருவர், போர்ட்டலுக்காகப் பிறந்த தேதியும் பான் எண்ணும் கேட்கிறார்கள், குழுவில் போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். சில போர்ட்டல்கள் அவற்றைக் கேட்பது உண்மைதான். ரெஃபர் செய்பவருக்கு மட்டும், அவர் கம்பெனி ஊழியர்தான் என்று உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள்.

அவர் ஏற்றியதும் பல கம்பெனிகளில் உங்களுக்கு ஒரு மெயில் வரும். அதிலுள்ள லிங்க்கில் போய்ச் சம்மதம் கொடுத்தால்தான் ரெஃபரல் முழுமையாகும். ஸ்பேம் ஃபோல்டரையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.