1,000 டாலர் அனுப்பினார்கள், 975 வந்தது: வழியில் பிடித்தது யார்?

ஜெர்மனியில் உள்ள ஒரு நிறுவனம், கோயம்புத்தூரில் வலைத்தளம் வடிவமைத்துத் தரும் ஒருவருக்கு 1,000 டாலர் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே வங்கி 975 டாலருக்குத்தான் கணக்குக் காட்டுகிறது. கிளையன்ட் "நான் முழுசா அனுப்பிட்டேன்" என்கிறார். உள்ளூர்க் கிளையில் "எங்களுக்கு வந்ததே இவ்வளவுதான்" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அந்த 25 டாலர் எங்கே போனது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. வங்கிக்கு வங்கி இவை மாறும்.

படி 1: ஸ்விஃப்டில் பணம் போவதில்லை

ஸ்விஃப்ட் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் வலையமைப்பு. 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்டது. "இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்ற ஆணை மட்டும்தான் அதில் போகும். பணம் கைமாறுவது வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில்.

நம் வங்கி நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். அதை நம் வங்கி நாஸ்ட்ரோ கணக்கு என்று சொல்லும். கணக்கை வைத்துக்கொடுக்கும் நியூயார்க் வங்கிதான் கரஸ்பாண்டன்ட் வங்கி. ஜெர்மன் வங்கிக்கும் அங்கே இப்படி ஒரு கரஸ்பாண்டன்ட் உண்டு. ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத இரண்டு வியாபாரிகள், இருவருக்கும் பற்றுவரவு உள்ள மண்டிக்காரர்களின் பேரேட்டில் கணக்கை நேர்செய்துகொள்வது போலத்தான் இது.

படி 2: பாதையை வரைந்து பாருங்கள்

பணம் எந்த ஊர் வழியாகப் போகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அனுப்பும் நாடோ பெறும் நாடோ அல்ல, நாணயம். டாலர் என்றால் வழக்கமாகக் கணக்கு தீர்வது அமெரிக்காவில். அதனால் ஜெர்மனியிலிருந்து இந்தியாவுக்கு வரும் டாலர் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போய்த்தான் வருகிறது.

நம் எடுத்துக்காட்டில் பாதை இப்படி: ஜெர்மன் வங்கி, அதன் நியூயார்க் கரஸ்பாண்டன்ட் (இதை முதல் நடுவர் வங்கி என்போம்), நம் வங்கியின் நியூயார்க் கரஸ்பாண்டன்ட் (இரண்டாம் நடுவர் வங்கி), கடைசியாக நம் வங்கி. நியூயார்க் வங்கிகள் இரண்டும் தங்களுக்குள் ஃபெட்வயர் அல்லது சிப்ஸ் என்ற அமெரிக்கத் தீர்வு அமைப்புகள் வழியாகக் கணக்கு முடித்துக்கொள்ளும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கரஸ்பாண்டன்ட் அமைந்துவிட்டால் ஒரு நிறுத்தம் குறையும், ஒரு பிடித்தமும் குறையும்.

படி 3: பிடித்தத்தை நடத்திப் பாருங்கள்

கட்டணத்தை யார் ஏற்பது என்று அனுப்புபவர் படிவத்தில் தேர்ந்தெடுப்பார். OUR என்றால் எல்லாம் அவருடையது. BEN என்றால் எல்லாம் பெறுபவருடையது. SHA என்றால் பங்கு. SHA-வைப் பாதிப்பாதி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அனுப்புபவர் தன் வங்கியின் கட்டணத்தை மட்டும் கட்டுவார். அதைத் தாண்டி வழியில் யார் எதைப் பிடித்தாலும் அது பெறுபவர் தலையில்தான் விழும்.

நம் கிளையன்ட் SHA என்று போட்டார். ஜெர்மன் வங்கி தன் கட்டணத்தை அவர் கணக்கில் தனியாக எடுத்துக்கொண்டு 1,000 டாலருக்கு ஆணை அனுப்பியது. முதல் நடுவர் வங்கி 15 டாலர் கழித்து 985 அனுப்பியது. இரண்டாம் நடுவர் வங்கி 10 டாலர் கழித்து நம் வங்கியின் நாஸ்ட்ரோ கணக்கில் 975 வரவு வைத்தது. நம் வங்கிக்கு வந்த செய்தியில் இது இப்படித் தெரியும்:

```
:32A:250611USD975,
:33B:USD1000,
:71A:SHA
:71F:USD15,
:71F:USD10,
```

`33B` அனுப்பச் சொன்ன தொகை. `32A` தேதியும், கடைசியாகக் கைமாறிய தொகையும். `71F` ஒவ்வொன்றும் ஒரு பிடித்தம். எண்ணுக்குப் பின்னால் நிற்கும் கமா தசமப் புள்ளி. இது MT103 என்ற பழைய வடிவம். 2025 நவம்பரிலிருந்து வங்கிகளுக்கு இடையிலான இந்த ஆணைகள் pacs.008 என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. அதில் இதே விவரங்களை `InstdAmt`, `IntrBkSttlmAmt`, `ChrgsInf` என்ற பெயர்களில் தேடுங்கள். பிடித்தது எந்த வங்கி என்பதையும் புதிய வடிவத்தில் பிடித்தத்தோடு சேர்த்தே எழுத வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

படி 4: ஏன் பிடிக்கிறார்கள்

நடுவில் உள்ள வங்கிக்கு நீங்களும் வாடிக்கையாளர் இல்லை, உங்கள் கிளையன்டும் இல்லை. தனியாக பில் போட ஆளில்லாததால் கையில் இருக்கும் தொகையிலேயே கழித்துக்கொள்கிறது. அந்தக் கட்டணத்துக்கு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் பொருளாதாரத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும், சந்தேகம் வந்தால் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கணக்கு எண் பிழை, ஸ்விஃப்ட் கோடு பிழை, முகவரி இல்லை என்று ஆணை தானாகக் கடந்துபோகாமல் நின்றுவிட்டால், கையால் திருத்துவதற்குக் கூடுதல் கட்டணம் விழும். பணம் திரும்பிப் போனால் போகிற வழியிலும் பிடிப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, நடுவர் வங்கியின் பிடித்தம் பெரும்பாலும் தொகையைப் பொறுத்தது அல்ல, ஓர் ஆணைக்கு இவ்வளவு என்பதே வழக்கம். 1,000 டாலரில் 25 போனால் இரண்டரை சதவீதம். அதையே 250 டாலராக நான்கு முறை வாங்கினால் 100 டாலர் போய்விடும். சின்னச் சின்ன பில்களைச் சேர்த்து மாதம் ஒரு முறை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 5: உங்கள் பணத்தை நீங்களே தடம் பிடியுங்கள்

கிளையன்டிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பணம் அனுப்பிய செய்தியின் நகல், அதில் உள்ள UETR. இது நடுவே வரும் சிறுகோடுகளையும் சேர்த்து 36 எழுத்து நீளமுள்ள அடையாள எண். பணம் எத்தனை வங்கி தாண்டினாலும் இது மாறாது. அந்த எண்ணோடு உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு எழுதினால், பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் பார்க்க முடியும்.

அடுத்து, உங்கள் வங்கிக்கு வந்த செய்தியின் நகலையும் வாங்கி இரண்டையும் அருகருகே வையுங்கள். அனுப்பிய தொகைக்கும் `32A`-வில் உள்ளதற்கும் உள்ள வித்தியாசம் வழியில் போனது. `32A`-வில் உள்ளதற்கும் கணக்கில் விழுந்த ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வங்கியின் மாற்று விகிதம், கட்டணம், ஜிஎஸ்டி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. பல சமயம் வழியில் போனதைவிட மாற்று விகிதத்தில் போனது அதிகமாக இருக்கும். அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

இந்த நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். பில் 1,000, வங்கி தரும் வரவுச் சான்று 975 என்று இருக்கும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

படி 6: அடுத்த முறை குறைத்துக்கொள்ள

OUR போடச் சொல்லலாம். அப்போது நடுவர் வங்கிகள் தங்கள் கட்டணத்தை அனுப்பும் வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் நடைமுறையில் சில நேரம் OUR போட்டும் பிடித்துவிடுகிறார்கள். அப்படி நடந்தால் கிளையன்ட் தன் வங்கியில் புகார் தர வேண்டும். நீங்கள் இங்கிருந்து கேட்டால் நகராது.

நம் எடுத்துக்காட்டுக்கு இதைவிட நல்ல வழி, பில்லை யூரோவில் போடுவது. யூரோவின் தீர்வு ஐரோப்பாவிலேயே நடக்கிறது. ஜெர்மன் வங்கி, நம் வங்கியின் யூரோ கரஸ்பாண்டன்டுக்கு நேரே கொடுத்துவிடலாம். நியூயார்க் பயணமும் இல்லை, பெரும்பாலும் ஒரு நிறுத்தமும் குறையும். உங்கள் வங்கியின் இணையதளத்தில் நாஸ்ட்ரோ கணக்குப் பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் கிளையில் கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு நாணயத்துக்கும் கரஸ்பாண்டன்ட் வங்கியின் பெயரும் ஸ்விஃப்ட் கோடும் இருக்கும். யூரோவுக்கான வரியை அப்படியே நகலெடுத்து பில்லில் போடுங்கள். டாலருக்கான வரியை யூரோவுக்குக் கொடுத்துவிட்டால் பணம் தவறான இடத்துக்குப் போய் நிற்கும், அல்லது பிடித்தம் போக மீதி திரும்பிப் போகும்.